15 வினாடி தாங்கோ, அண்ணா

பாடசாலைக்கு முன்னால் வாகனங்கள் மெதுவாகப் போக வேண்டும் என்று ஒரு பிரசாரம் தொடங்கினால் முதலில் நடப்பது சுலோகப் போட்டி. பிள்ளைகளிடம் எழுதச் சொல்வோம். எதுகை மோனையோடு வருவதற்குப் பரிசு கொடுப்போம். 'வேகம் விவேகமல்ல', 'மிதவேகம் மிக நன்று' என்ற பழைய இரண்டின் பேரப்பிள்ளைகள்தான் பெரும்பாலும் வெல்லும். பிறகு அது பலகையில் ஏறும், கீழே அனுசரணையாளரின் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில் வரும், படம் எடுப்போம், முகநூலில் போடுவோம். அந்தப் பலகையைத் தாண்டிப் போகிற பட்டா வாகனம் முதல்நாள் போன வேகத்திலேயேதான் போகும்.

தோட்டவெளியை வைத்து இதை யோசிக்கிறோம். மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற பெருவீதிதான் இந்தப் பக்கத்து ஊர்களின் ஒரே பெரிய வீதி. 2010இல் புதிய பாலம் திறந்து, வீதியும் காப்பெட் ஆன பிறகு, மேடும் இல்லாமல் வளைவும் அதிகமில்லாமல் பனைகளுக்கு நடுவே நேராகப் போகிறது. சாரதியின் காலை மேலே எடுக்க வைக்கிற எதுவும் அந்த வீதியில் இல்லை. பேசாலைப் பக்கமிருந்து மீன் ஏற்றி வாறவை, இ.போ.ச. பஸ், அதோடு போட்டிக்கு ஓடுற தனியார் பஸ், கன்டர், மோட்டார் சைக்கிள், தீவைப் பார்க்க வாற வெளியூர் வான் எல்லாம் இதிலேதான். காலை 7.30க்கு முன்னமும் 1.30க்குப் பிறகும் பிள்ளையள் கடக்கிறதும் இதிலேதான்.

இந்த வீதிக்கு எந்தச் சொல் வேலை செய்யும், எந்தச் சொல் வேலை செய்யாது என்பதுதான் எங்கள் கேள்வி. அழகான சொல் எது என்பது அல்ல.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் போகும். பிள்ளையைக் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்கில் போய்ச் சேர ஒன்றரை வினாடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னமே 21 மீற்றர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த வீதியில், நல்ல பிரேக்கோடு, நிற்க இன்னும் 14 மீற்றர். மொத்தம் 35. அதே வாகனம் 30இல் வந்தால் 17, 18 மீற்றரில் நின்றுவிடும். இப்போது 20 மீற்றர் முன்னால் ஒரு பிள்ளை வீதியில் இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். 30இல் வந்தவர் நின்றுவிட்டார். 50இல் வந்தவருக்குக் கால் இன்னும் பிரேக்கில் படவே இல்லை. அவர் 50இலேயே போய் இடிக்கிறார். கட்டியெழுப்பப்பட்ட பகுதிகளில் காருக்குச் சட்டம் தருகிற உச்ச வேகம் 50. அதாவது அந்த மனிசன் சட்டத்தை மீறவே இல்லை.

'பிள்ளையைப் பார்த்துக் கடக்கச் சொல்லிக் கொடுங்கோவன்' என்று எங்களிடம் சொல்லுறவை இருக்கினம். சொல்லிக் கொடுக்கத்தான் வேணும். ஆனால் லண்டன் ரோயல் ஹொலவே பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. ஒரு வாகனம் கிட்ட வரவர நம் கண்ணில் அது பெரிதாகிக்கொண்டு வரும். அந்தப் பெரிதாகும் வேகத்தை வைத்துத்தான் அது எவ்வளவு கெதியாக வருகிறது என்று நாங்கள் மதிப்பிடுகிறோம். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தத் திறன் இன்னும் முற்றவில்லை. மணிக்கு 20 மைலுக்கு, அதாவது 32 கிலோமீற்றருக்கு மேலே வரும் வாகனம் நெருங்குவதை அவர்களால் நம்பிக்கையாக உணர முடிவதில்லை. பிள்ளை வலம் இடம் பார்க்கிறது, வாகனத்தைக் காண்கிறது, அது தூரத்தில் நிற்கிறதாக நினைத்து இறங்குகிறது. இதில் கவனயீனம் என்று ஒன்றும் இல்லை. ஆகவே 'பிள்ளைகளே, கவனமாகக் கடவுங்கள்' என்ற வகை சுலோகத்தைப் பாடசாலை மதிலில் எழுதுவதற்கு நாங்கள் எதிர். அது பொறுப்பைத் தூக்கி, கண் இன்னும் வளராத ஆளின் தலையில் வைக்கிறது. சுலோகம் சாரதிக்குத்தான், அதுவும் 30 என்ற இலக்கத்தைச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் 2021இல் நடந்த வீதிப் பாதுகாப்பு வாரத்தில் பிள்ளைகளும் வாகனங்களும் கலக்கிற வீதிகளுக்கு இதே 30ஐத்தான் கேட்டது.

எங்கள் பேச்சில் 'ஆறுதலா' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. 'மெதுவாகச் செல்லவும்' என்பது யாரும் வாயால் சொல்லாத பலகைத் தமிழ். 'ஆறுதலாப் போங்கோ' என்பது அம்மாமார் வாசலில் நின்று சொல்லுறது. அதனால் முதலில் நாங்கள் 'பிள்ளையள் கடக்குது, ஆறுதலாப் போங்கோ' என்று எழுதிப் பார்த்தோம். காதுக்கு நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் 70இல் வருகிறவருக்கு 60 ஆறுதல், 60இல் வருகிறவருக்கு 50 ஆறுதல். ஸ்பீடோமீற்றர் முள்ளில் 'ஆறுதல்' என்று ஒரு கோடு இல்லை. 'பிள்ளையள் கடக்குது, 30இல் போங்கோ' என்றால் முள்ளைப் பார்க்கத்தான் வேணும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த 30ஐச் சிவப்பு வட்டத்துக்குள் போட எங்களுக்கு உரிமை இல்லை. அது சட்டக் குறியீடு, வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் வேலை. எங்கள் 30 சாதாரண எழுத்தில் வரும் ஒரு கோரிக்கை மட்டுமே.

இனி மரணத்தைப் பற்றி. 2021 மார்ச்சில் தலைமன்னாரில் ரயிலும் பஸ்ஸும் மோதி ஒரு பாடசாலை மாணவன் இறந்தது இந்தத் தீவில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அது ரயில் கடவை, இது வேறு விஷயம். ஆனாலும் அப்படியான ஒரு நினைவு இருக்கிற ஊரில் 'உன் வேகம், ஒரு தாயின் கண்ணீர்' என்று எழுதக் கை தானாகப் போகும். சவப்பெட்டிப் படம் போடவும் தோன்றும். நாங்கள் வேண்டாம் என்கிறோம். காரணம் டெக்சாஸ். அந்த மாநிலத்தில் 2012இலிருந்து, பெருந்தெருக்களின் மின்பலகைகளில் அந்த வருடம் வீதியில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காட்டியதால், காட்டிய வாரத்தையும் காட்டாத வாரத்தையும் ஒப்பிட வழி கிடைத்தது. ஜொனதன் ஹோல், ஜோஷுவா மட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைச் செய்து 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மரண எண்ணிக்கையைக் காட்டிய வாரங்களில், பலகையைத் தாண்டிய 10 கிலோமீற்றருக்குள் விபத்துகள் 4.5 வீதம் கூடியிருந்தன. எண் பெரிதாக இருந்த மாதங்களில் பாதிப்பும் பெரிது. பயமுறுத்துகிற செய்தியை வாசித்த மனம் கொஞ்ச நேரம் அதிலேயே நிற்கிறது, வீதியில் நிற்பதில்லை என்பதுதான் அவர்களின் விளக்கம். டெக்சாஸ் பெருந்தெருவும் மன்னார் வீதியும் ஒன்றல்ல, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் பாடசாலைக்கு 100 மீற்றர் முன்னால் ஒரு மனிசனின் மனதைச் சவப்பெட்டிக்கு அனுப்பிவிட்டு, கண்ணை மட்டும் பிள்ளையில் வைக்கச் சொல்ல முடியாது.

பகிடிக்கும் இதே கதிதான். இந்தியாவின் எல்லை வீதிகள் அமைப்பு இமயமலைப் பாதைகளில் வைத்த பகிடிப் பலகைகள் உலகப் பிரசித்தம். சுற்றுலாப் பயணிகள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நின்று படம் எடுக்கத் தூண்டுவது பாடசாலை வாசலுக்கு நல்ல குணமா? அமெரிக்காவில் 2023 டிசம்பரில் வந்த வீதிக் குறியீட்டுக் கையேடே மின்பலகைகளில் பகிடியையும் சினிமா வசனத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. முச்சக்கரவண்டியின் பின்பக்கத்தில் நாங்கள் எல்லாரும் வாசிக்கிற தத்துவங்களை எடுத்துப் பாருங்கள். அவை அங்கே ஏன் பொருந்துகின்றன? பின்னால் நிற்கிற எங்களுக்கு வாசிக்க நேரம் இருக்கிறது, செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வீதிப் பலகையில் இரண்டும் தலைகீழ்.

அந்த நேரம் எவ்வளவு? ஆங்கில எழுத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஓர் அங்குல உயரத்துக்குச் சுமார் 12 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கலாம். தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் கூட, ஆகவே அதைவிடக் கொஞ்சம் குறையும். எட்டங்குல எழுத்தை, கூட்டிப் பார்த்தாலும், 90 மீற்றரிலிருந்துதான் பிடிக்கலாம். 70இல் வருகிறவர் அந்தத் தூரத்தை ஐந்து வினாடியில் கடந்துவிடுவார். அந்த ஐந்து வினாடியும் அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே ஆபத்து. ஓரிரண்டு பார்வைதான் கிடைக்கும். எட்டடி அகலப் பலகையில் எட்டங்குல எழுத்து ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டுதான் அடங்கும். 'பிள்ளையள் கடக்குது' ஒரு வரி. '30இல் போங்கோ' இன்னொரு வரி. அவ்வளவுதான் இடம். அனுசரணையாளர் பெயருக்கு இடமே இல்லை. (பின்பக்கத்தில் போடலாம். பின்னால் நிற்கிற கழுதைகள் வாசிக்கட்டும்.)

எங்கே நடுவது என்பதும் சுலோகத்தின் பகுதிதான். கடவைக்குப் பக்கத்தில் நட்டால் வாசித்து முடிக்கும்போது கடவை போய்விடும். 70இல் வருகிறவர் திடீர் பிரேக் போடாமல், சாதாரணமாகக் காலை எடுத்து 30க்கு இறங்க, யோசிக்கிற நேரத்தையும் சேர்த்து 130 மீற்றர் வேணும். ஆகவே இரண்டு பக்கமும் 150 மீற்றரில் பலகை. காலையில் தலைமன்னார்ப் பக்கமிருந்து மன்னாருக்குப் போகிறவருக்கு வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும், பலகையின் முன்பக்கம் நிழலாகும். மெல்லிய எழுத்தும் பூவேலை எழுத்தும் அங்கே கரைந்துபோகும். மஞ்சளில் தடித்த கறுப்பு, வேறொன்றும் வேண்டாம்.

மொழிப் பிரச்சினையும் இங்கேதான் வருகிறது. இந்த வீதியில் ஓடுகிற பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரே பலகையில் மூன்று மொழியைப் போட்டால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கி, யாருக்கும் வாசிக்க முடியாமல் போகும். எங்கள் யோசனை, மொழிக்கு ஒரு பலகை, 50 மீற்றர் இடைவெளியில். முதலில் சிங்களம், ஏனென்றால் ஊருக்குப் புதிதானவருக்குத்தான் முன்னறிவிப்புக் கூட வேணும். அதிலும் எங்கள் தமிழை மொழிபெயர்த்துப் போடாமல், பஸ்ஸில் கொண்டக்டர் சாரதியிடம் சொல்லுகிற 'ஹெமின் யன்ன' என்பதையும் 30 என்ற இலக்கத்தையும் மட்டும் போட்டால் போதும். இலக்கம் எல்லாருக்கும் பொது. ஆங்கிலப் பலகைக்குக் காசு இல்லாவிட்டால் விட்டுவிடலாம், பாதசாரிப் பிள்ளைகளின் படம் போட்ட அரச எச்சரிக்கைப் பலகை அந்த வேலையைச் செய்யும்.

இப்போது கழுதைக்கு வருவோம். மன்னாரில் எவ்வளவு அவசரமாய்ப் போகிறவரும் கழுதைக் கூட்டத்துக்கு வேகத்தைக் குறைப்பார். எந்தப் பலகையும் அவரிடம் கேட்டதில்லை. கழுதை எப்போதும் வீதியில் நிற்கலாம் என்று அவருக்கு உண்மையாகவே தெரியும், அதனால் குறைக்கிறார். பாடசாலைப் பலகையை ஏன் நம்புவதில்லை? இரவு பத்து மணிக்கும் அது பிள்ளைகள் கடப்பதாகச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறது. ஓகஸ்ட் லீவு முழுக்கச் சொல்கிறது. நாளுக்கு 24 மணித்தியாலம் சொல்லுகிற ஒரு விஷயம் இரண்டு மணித்தியாலம்தான் உண்மை என்றால், தினமும் ஓடுகிற சாரதி அதைக் கேட்காமல் விடப் பழகிக்கொள்வார். அதில் அவரைப் பிழை சொல்ல ஏலாது. ஆகவே பலகை மடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காலையில் விரித்து, பாடசாலை தொடங்கியதும் மடித்து, விடும் நேரத்தில் மறுபடி விரிக்க வேண்டும். ஒரு பிணைச்சலும் ஒரு கொக்கியும் போதும், எங்கள் ஊர் வெல்டிங் கடையில் செய்யலாம். விரிந்திருக்கிறது என்றால் பிள்ளை நிற்கிறது, இது ஒருநாளும் பொய்க்கக் கூடாது.

நாங்கள் எழுதியதில் எங்களுக்கு மிகவும் பிடித்த சுலோகம் வீதிப் பலகைக்கு ஏறாது. அது இதுதான்: '15 வினாடி தாங்கோ, அண்ணா.' கணக்கைப் பாருங்கள். கடவைக்கு அந்தப் பக்கம் 150, இந்தப் பக்கம் 150, மொத்தம் 300 மீற்றர். 50இல் போனால் ஏறக்குறைய 22 வினாடி. 30இல் போனால் 36. வித்தியாசம் 14, 15 வினாடி. மீன்காரர் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, ஐஸ் கரையும். பஸ்காரர் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் மற்றவன் வாறான். அவர்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிற சுலோகம் அவர்களிடம் போய்ச் சேராது. '15 வினாடியில் ஐஸ் கரையாது' என்று கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் மறுக்க ஏலாது. இதை விளங்க நின்று வாசிக்க வேண்டும், ஆகவே வாகனம் நிற்கிற இடத்தில் வைக்க வேண்டும்: மீன் ஏற்றுகிற கரை, எரிபொருள் நிரப்பு நிலையம், முச்சக்கரவண்டித் தரிப்பிடம், மன்னார் பஸ் நிலையத்தில் ரைம் கீப்பரின் மேசை. ரைம் கீப்பர் முக்கியமான ஆள். அவர் அந்த 15 வினாடியை ஏற்றுக்கொண்டால் சாரதிக்கு ஒரு சாட்டுக் குறையும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பொலிஸின் வேகமானி தேவையில்லை. வீதியோரம் 50 மீற்றரை அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு. கைத்தொலைபேசியின் நிறுத்தக் கடிகாரம். வாகனம் முதல் கோட்டில் ஏறியதும் அமத்தி, இரண்டாவது கோட்டில் நிறுத்த வேண்டும். 180ஐ அந்த வினாடிகளால் பிரித்தால் கிலோமீற்றர் வேகம் வரும். 3.6 வினாடி என்றால் 50, ஆறு வினாடி என்றால் 30. பலகை வைப்பதற்கு முன் ஒரு காலை, வைத்த வாரம் ஒரு காலை, ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை, ஒவ்வொரு முறையும் ஐம்பது அறுபது வாகனம். மூன்றாவது அளவுதான் உண்மையானது. புதுப் பலகைக்கு முதல் வாரம் எல்லாரும் மரியாதை கொடுப்பார்கள். அளக்கிறவர் சாரதியின் கண்ணில் படாமல் நிற்க வேண்டும், கையில் போனோடு வீதியோரம் நிற்கும் பெடியனைக் கண்டால் ஆட்கள் தானாகவே குறைப்பார்கள், கணக்குப் பிழைக்கும்.

மூன்றாவது அளவிலும் பாதிப் பேர் 45க்கு மேலே ஓடினால், அதற்கு மேல் சொல்லால் செய்ய ஒன்றும் இல்லை. வேறு சுலோகம் தேட வேண்டாம். தான்சானியாவில் அமெண்ட் என்ற அமைப்பு பாடசாலைகளுக்கு முன் வேகத்தடை, நடைபாதை, கடவை, கம்பம் போட்டது, சில இடங்களில் பாடசாலைப் படலையையே பெருவீதியிலிருந்து பக்க வீதிக்கு மாற்றியது. 2019இல் உலக வளங்கள் நிறுவனத்தின் நகரங்களுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. படலையை மாற்ற யாருடைய கொழும்பு அனுமதியும் தேவையில்லை, பெருவீதியில் வேகத்தடை போட வீதி அபிவிருத்தி அதிகாரசபை சம்மதிக்க வேண்டும். வெறும் கையோடு போய்க் கேட்டால் கடிதத்துக்குப் பதில் வரும், ஆள் வராது. மூன்று காலையில் அளந்த நூற்றைம்பது வாகனங்களின் வேகத்தோடு போவது வேறு.

இன்னும் தீராத ஒன்று, காலை 6.50க்குப் போய்ப் பலகையை விரிக்கிற ஆள் யார் என்பது. ஆசிரியர்களிடம் கேட்பது நியாயமில்லை, பிள்ளைகளிடம் கேட்கவே கூடாது. எங்களில் நான்கு பேர் ஒரு தவணைக்கு முறை வைத்துச் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். மழைக்காலத் தவணையில் அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று எங்களுக்குள்ளேயே பந்தயம் நடக்கிறது.